இருநூற்றுப் பதினேழாவது அட்டை

மூன்றாம் வார்டில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த பெரிய டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். பத்தொன்பது வருடமாக அங்கே செவிலியர் உதவியாளர் வேலை. படுக்கை விரிப்பது, உடம்பு துடைப்பது, மலச்சட்டி எடுப்பது, அழுகிறவர்கள் பக்கத்தில் உட்காருவது எல்லாம் அவள் பொறுப்பு. ஊசி போடக் கூடாது, மருந்து கொடுக்கக் கூடாது. ஆனால் புதிதாக வரும் செவிலியர்கள் நரம்பு கிடைக்காமல் விழிக்கும்போது, "இந்தக் கையில பாரும்மா" என்று விரலால் தொட்டுக் காட்டுவது அவள்தான்.

நாற்பது வயதுக்கு மேல் பகுதி நேரமாகப் படித்து, செவிலியர் படிப்பை எப்படியோ முடித்தாள். மிச்சம் இருந்தது பதிவுத் தேர்வு ஒன்றுதான். அதில் மற்ற தாள்களை ஒரே மூச்சில் தாண்டிவிட்டாள். 'சூழ்நிலைக் கேள்விகள்' என்ற ஒரு தாள் மட்டும் அவளை மூன்று தடவை மண்ணைக் கவ்வ வைத்தது. நூறு கேள்வி, அறுபது எடுத்தால் தேர்ச்சி. முதல் தடவை ஐம்பத்திரண்டு, அடுத்து ஐம்பத்தைந்து, அதற்கடுத்து ஐம்பத்தேழு. நான்கு தடவைதான் எழுத விடுவார்கள். நான்காவதிலும் போனால் வாழ்நாள் முழுக்க உதவியாளர்தான்.

மூன்றாவது முடிவு வந்த அன்று நேராகப் புருஷனின் தையல் கடைக்குப் போய், வெட்டிப் போட்ட துணித் துண்டுகளின் மேல் உட்கார்ந்து அழுதாள். அவர் தைத்துக்கொண்டிருந்த சட்டையை நிறுத்தவில்லை. காலர் முடியும்வரை தைத்துவிட்டுத்தான் திரும்பினார். அந்த மனிதர் அப்படித்தான்.

"அந்தக் கேள்விய ஒண்ணு சொல்லு பாப்போம்," என்றார்.

"உங்களுக்கு என்ன புரியும்?"

"புரியாட்டி புரியலன்னு சொல்லப்போறேன். சொல்லேன்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மணி நேரமான நோயாளி, வலிக்கிறது என்கிறார். செவிலியர் முதலில் செய்ய வேண்டியது என்ன? எழுதிக் கொடுத்திருக்கும் வலி மருந்தைக் கொடுப்பதா, டாக்டரிடம் சொல்வதா, எங்கே எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டு நாடியும் ரத்த அழுத்தமும் பார்ப்பதா, திரும்பிப் படுக்க வைப்பதா?

"நீ எதப் போட்ட?"

"டாக்டர்கிட்ட சொல்றது."

"ஏன்?"

"உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சா என்ன பண்றது? ஆறாம் கட்டில்ல ஒரு பெரியவர் இப்படித்தான் வலிக்குது வலிக்குதுன்னு சொல்லிட்டே..."

"ஆறாம் கட்டில் பெரியவர் கேள்வில எங்க வந்தாரு?"

அவர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து மடக்கினார்.

"எனக்கு மருந்தும் தெரியாது மாயமும் தெரியாது. ஆனா என்ன வலின்னே பாக்காம டாக்டர்கிட்ட ஓடி நீ என்னத்த சொல்லுவ? அவரு திருப்பிக் கேப்பாரே, எங்க வலி, ரத்த அழுத்தம் எவ்வளவுன்னு. வாடிக்கையாளர் வந்து சட்ட சரியில்லன்னா, நான் முதல்ல போட்டுக் காட்டச் சொல்லுவேன். அப்புறம்தான் கத்திரிய எடுப்பேன்."

அதுதான் சரியான விடை. மருந்து கொடுப்பதும் தவறில்லை, டாக்டரிடம் சொல்வதும் தவறில்லை. பார்த்த பிறகு செய்ய வேண்டியவை அவை. கேள்வி கேட்டது 'முதலில்' என்று. பத்தொன்பது வருடம் வார்டில் கிடந்தவளுக்குப் பிடிபடாத ஒரு விஷயம், காய்ச்சலுக்கு எத்தனை டிகிரி என்றுகூடத் தெரியாத தையற்காரருக்குப் பிடிபட்டது. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவளிடம் இருந்த கோளாறு அறிவுக் குறைவு இல்லை, அறிவு அதிகம். ஒவ்வொரு கேள்வியிலும் அவளுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் வந்து படுத்துக்கொண்டார். மாத்திரை வேண்டாம் என்று அடம் பிடிக்கும் மூதாட்டி என்று கேள்வி இருந்தால், மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்த பன்னிரண்டாம் கட்டில் அம்மா வந்துவிடுவாள். உடனே 'தலையணையைச் சோதிக்க வேண்டும்' என்பதற்கு நெருக்கமான விடையைத் தேடுவாள். 'ஏன் வேண்டாம் என்று கேட்பது' கண் முன்னால் இருக்கும், தெரியாது.

அன்றிலிருந்து அவர் பிடித்துக்கொண்டார். வார்டு செவிலியர் ஒருத்தியிடமிருந்து கேள்விப் புத்தகம் மூன்று வாரத்துக்கு இரவல் கிடைத்தது. திருப்பித் தர வேண்டுமே என்று, காலர் மாதிரி வெட்டுகிற தடித்த அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒரு அட்டைக்கு ஒரு கேள்வியாகத் தன் கோணல் கையெழுத்தில் எழுதித் தள்ளினார். பென்சிலால் எண் போட்டார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு அட்டை, ஒரு செருப்புப் பெட்டி நிறைய. விடையைப் பின்பக்கம் எழுதினார்.

காலை வேலை முடிந்து மூன்று மணிக்கு அவள் கடைக்கு வந்துவிடுவாள். கை சும்மா இருக்க வேண்டாம் என்று அவளிடம் பொத்தான் தைக்கவோ பழைய தையலைப் பிரிக்கவோ துணி கொடுப்பார். அவர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து அட்டையை வாசிப்பார். நடுவில் யாராவது அளவு கொடுக்க வந்தால் பாடம் நிற்கும். ஒரு நாள், பக்கத்துக் கடைக்காரர் கால்சட்டை வாங்க வந்தவர், "மூச்சுத் திணறுகிற நோயாளியை எப்படி உட்கார வைப்பாய்" என்ற கேள்வியைக் காதில் வாங்கிவிட்டு, "எனக்கும் மூச்சு வாங்குது மாஸ்டர், நானும் உக்காரலாமா?" என்று கேட்டார்.

சொல்லித் தர வந்த மாஸ்டருக்குத் தெரிந்தது கேள்வியின் தையல் மட்டும்தான். அதில் மனிதர் கெட்டிக்காரர். கடைசி வரியை முதலில் படி என்றார். என்ன கேட்கிறான் என்று தெரியாமல் கதையைப் படித்து என்ன பிரயோசனம்? 'முதலில்' என்கிறானா, 'உடனடியாக' என்கிறானா, 'செய்யக் கூடாதது' என்கிறானா என்று விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். விடைகளைக் கையால் மூடிக்கொண்டு உன் விடையை நீயே சொல், அப்புறம் கையை எடு என்றார். நாலில் ரெண்டை அடித்துவிடலாம், அது யாருக்கும் முடியும். மிச்சம் ரெண்டும் சரியாகத் தெரியும்போதுதான் வினை. அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று என்று அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"இதுல ஒண்ணு மட்டும்தான் செய்ய விடுவாங்க, செஞ்சிட்டு நீ வீட்டுக்குப் போயிடணும். எதச் செஞ்சா அந்த ஆளு பொழைப்பான்? அதப் போடு."

ஒரு தடவை அவள் அவரை மடக்கினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த நோயாளி சட்டென்று தொண்டையைப் பிடித்துக்கொள்கிறார், பேச முடியவில்லை, இருமவும் முடியவில்லை. முதலில் பார், அப்புறம் செய் என்று அவர் சொன்ன சூத்திரப்படி அவர் 'நாடி பார்ப்பது' என்று போட்டார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாடி பாத்துட்டு இருந்தா ஆளு போயிடுவாரு! பேச முடியல, இரும முடியலன்னு கேள்வியே பாத்துச் சொல்லிடுச்சே. முதுகுல தட்டி, வயித்துல அழுத்தி, அடைச்சத வெளிய எடுக்கணும்."

அவர் யோசித்தார். "ஆக, கேள்வியே பாத்து முடிச்சிட்டா நாம திரும்பப் பாக்க வேண்டாம். செய்ய வேண்டியதுதான். சரி, இத எழுதிக்கோ." தன் தோல்வியையும் சூத்திரமாக்கிக்கொண்டார்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேல் அவர் ஓதிய மந்திரம் ஒன்றே ஒன்று. வெளியாளைக் கேள்விக்குள் கூட்டி வராதே. "குடுத்த துணியிலதான் தைக்கணும். வீட்லேர்ந்து துணி கொண்டு வந்து ஒட்டுப் போடக் கூடாது." அவள் வாய் திறந்து, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்..." என்று தொடங்கினால் போதும், அளவுகோலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். முதல் மாதம் நாளைக்கு இருபது தட்டு விழுந்தது. மூன்றாவது மாதம் ஒன்றோ இரண்டோ. பிறகு தட்டே இல்லை. கேள்வியில் வருகிறவருக்கு முகம் இல்லாமல் போயிற்று. ஐம்பது கேள்விக்கு நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று என்று எடுக்கத் தொடங்கினாள்.

பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. ஒரு பிற்பகல், அவள் ஒரு கால்சட்டையின் இடுப்புத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு அங்குலம் பிடிக்க வேண்டும் என்று அவர் கொடுத்தது. ஏற்கெனவே ஒரு தடவை பிடித்த தடம் தெரிந்தது. "யாருங்க இது, இப்படி இளைச்சிட்டே போறாரு?" என்று கேட்டாள். "ஒரு வாடிக்கையாளர்," என்றார். அட்டையை எடுத்து வாசித்தார்.

"ஐம்பத்து மூன்று வயது ஆண். ஒரு மாதமாகச் சாப்பாடு நெஞ்சில் அடைக்கிறது. தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்குகிறார். எடை குறைந்திருக்கிறது. அவர் மனைவிக்கு ஆறு வாரத்தில் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. அவர் முதலில் செய்ய வேண்டியது என்ன? அ, மனைவியிடம் சொல்வது. ஆ, மருத்துவரிடம் காட்டுவது. இ, கஞ்சி போல மெல்லிய உணவாகச் சாப்பிட்டுப் பார்ப்பது. ஈ, மனைவியின் வேலை முடியும்வரை பொறுத்திருப்பது."

"ஆ," என்றாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "விழுங்க முடியல, எடையும் குறையுது. ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. உடனே டாக்டர்."

"அ-வும் சரி மாதிரி இருக்கே?"

"சரிதான். ஆனா பொண்டாட்டிகிட்ட சொன்னா அவளும் டாக்டர்கிட்டதான் இழுத்துட்டுப் போவா. ஒண்ணு மட்டும் செய்ய விட்டா எது? ஆ-தான். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

"அப்ப அந்த ஆறு வாரம்?"

"அது சும்மா நம்மள திசை திருப்பப் போட்டது. அடிச்சிடுங்க."

"ஈ?"

"ஈ-ய முட்டாள்தான் போடுவான்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாஸ் ஆயிடுவ நர்ஸம்மா, பாஸ் ஆயிடுவ," என்றார். அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். அவள் பிரித்து முடித்த கால்சட்டையை மடித்து அவர் பக்கம் வைத்தாள்.

அது அவருடைய கால்சட்டை. பத்தொன்பது வருடம் நோயாளிகளின் முகம் பார்த்தே காய்ச்சல் சொன்னவள் அவள். அந்த நாட்களில் அவர் மதியச் சாப்பாட்டைக் கடையிலேயே வைத்துக்கொண்டார், சாப்பிடும்போது யாரும் பார்க்காதபடி. சாயங்காலம் டீயில் ரொட்டியை ஊற வைத்துத் தின்றார். மேசை இழுப்பறையில் நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டை அட்டையாகக் கிடந்தது. எல்லாம் அவள் கண்ணெதிரில்தான். அவள் கண் அட்டையில் இருந்தது. இதைச் சொல்லும்போது யார் மேல் கோபப்படுவது என்று எனக்கே தெரியவில்லை. ஒளித்தவர் மேலா, பார்க்காதவள் மேலா, ஐம்பத்தேழில் மூன்று மார்க்கைத் தராமல் போன அந்தத் தேர்வின் மேலா?

பரீட்சை அன்று தேர்வு மைய வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அவள் உள்ளே போய்க் கடைசி வரிகளை முதலில் படித்தாள், விடைகளைக் கையால் மூடினாள், யாரையும் உள்ளே விடவில்லை. மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் எதிர்ச் சாரியில், மூடிய கடை ஒன்றின் படியில் உட்கார்ந்திருந்தார். வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தபோது யாரோ ஒரு வயதானவர் என்று நினைத்தாள். நெருங்கிய பிறகுதான் அவர் என்று தெரிந்தது. அந்த ஒரு நொடியை அவள் அப்புறம் என்றைக்கும் மறக்கவில்லை.

"எப்படி எழுதின?"

"நல்லா. என்னங்க, ஏன் இப்படி இருக்கீங்க?"

"நாளைக்கு உங்க டாக்டர்கிட்ட என்னக் கூட்டிட்டுப் போ," என்றார். "தண்ணியும் சரியா எறங்க மாட்டேங்குது."

மறுநாள் பெரிய டாக்டர் கேட்டார், "எத்தன நாளா விழுங்கக் கஷ்டமா இருக்கு?"

"ரெண்டரை மாசம் இருக்கும்."

அவள் அவர் கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டரை மாதம் என்று மனசுக்குள் பின்னால் எண்ணிக்கொண்டே போனவள், ஒரு பிற்பகலில் ஒரு கால்சட்டையின் மேல் வந்து நின்றாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

உணவுக்குழாயில் கட்டி. ஈரலுக்கும் போயிருந்தது. குழாயைத் திறந்து வைக்க ஒரு சின்னச் சுருள் வைக்கலாம், வலியைக் குறைக்கலாம், அவ்வளவுதான் என்றார் டாக்டர். வார்டுக்கு வெளியே அவரை மறித்துக் கேட்டாள், "ஆறு வாரம் முன்னாடி வந்திருந்தா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "சொல்ல முடியாதுக்கா. கொஞ்ச காலம் கூடக் கெடச்சிருக்கலாம். கெடைக்காமலும் போயிருக்கலாம்."

அந்த விடைகளில் எதை அடிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

முடிவு வந்தபோது அவர் மூன்றாம் வார்டில் ஒன்பதாம் கட்டிலில் இருந்தார். எழுபத்து நான்கு. செவிலியர்கள் எல்லாம் கூடி அவளைக் கட்டிக்கொண்டார்கள். "மாஸ்டருக்கும் ஒரு சர்ட்டிபிகேட் குடுக்கணும்," என்றாள் ஒருத்தி. அவர் எலும்பாகிப் போன கையைத் தூக்கிக் கும்பிடு போட்டார். அவள் யார் முகத்தையும் பார்க்காமல், அன்று காலை வீட்டில் பெட்டியைக் கவிழ்த்துத் தேடி எடுத்த அட்டையை அவர் முன்னால் நீட்டினாள். இருநூற்றுப் பதினேழு. தொலைந்துபோன ஒரு அட்டையின் எண்ணைப் போட்டு நடுவில் செருகியிருந்தார். மற்ற அட்டைகளின் பின்பக்கம் விடை இருந்தது. இதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இது புத்தகத்துல இல்லல்ல?"

அவர் அட்டையை வாங்கிப் போர்வை மேல் கவிழ்த்து வைத்தார்.

"எங்கிட்ட கேட்டீங்கல்ல. நான் சொன்னேன்ல. உடனே டாக்டர்னு சொன்னேன்ல. அப்புறம் ஏங்க போகல?" வார்டு என்றும் பாராமல் கத்தினாள். "முட்டாள்தான் போடுவான்னு சொன்னேனே!"

"நீ சரியாத்தான் சொன்ன," என்றார். அவர் குரல் இப்போது காற்றுதான். "நாலுமே சரி மாதிரிதான் இருந்துச்சு. எது முதல்லன்னு பாத்தேன். உன் பரீட்சை முதல்ல வந்துச்சு."

"யாரு கேட்டா உங்கள?"

"சொல்லியிருந்தா நீ எழுதியிருப்பியா?"

எழுதியிருக்க மாட்டாள். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்தப் பரீட்சையைக் கிழித்துப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், சந்தோஷமாக உட்கார்ந்திருப்பாள். அதைச் சொல்ல வாய் வராமல் அவர் நெஞ்சில் முகத்தை வைத்து, ஐயோ ஐயோ என்று அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒன்பது நாள் கழித்துப் போய்விட்டார்.

இப்போது அவள் செவிலியர். அதே மூன்றாம் வார்டு. ஊசி போடுகிறாள், மருந்து கொடுக்கிறாள். புதிதாகச் சேரும் நோயாளி, "ஒண்ணுமில்ல சிஸ்டர், சும்மா நெஞ்செரிச்சல்," என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். சட்டை தொளதொளவென்று இருக்கிறதா, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். "நீங்க சொல்லாதத சொல்லுங்க," என்பாள். வீட்டில் யாருக்கு என்ன விசேஷம், எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று குடைவாள். அக்காவுக்கு வேலை மெதுவாகிவிட்டது என்று மேற்பார்வையாளர் குறை எழுதியிருக்கிறார். எழுதட்டும்.

தையல் கடையைக் காலி செய்தாயிற்று. போன மாதம், பதிவுத் தேர்வுக்குப் படிக்கும் உதவியாளர் பெண் ஒருத்தி, இரண்டு தடவை தோற்றவள், தயங்கித் தயங்கி வந்து அந்தச் செருப்புப் பெட்டியைக் கேட்டாள். மாஸ்டரின் அட்டைகள் அதற்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பேர் வாங்கியிருந்தன. அக்கா மறுநாளே கொண்டு வந்து கொடுத்தாள். கடைசி வரியை முதலில் படிக்கச் சொன்னாள், கையால் மூடச் சொன்னாள், இரண்டு மிஞ்சினால் என்ன கேட்க வேண்டும் என்று சொன்னாள். வெளியாளைக் கூட்டி வராதே என்று அவர் ஓதிய மந்திரத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும், அது இல்லாமல் தேற முடியாது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

பொறுப்பான பெண். மதியம் ஓய்வறையில் அட்டைகளை வரிசைப்படுத்தி எண்ணிவிட்டு வந்தாள்.

"அக்கா, எல்லாம் சரியா இருக்கு. இருநூத்திப் பதினேழு மட்டும் காணோம்."

"அது வேண்டாம்மா."

"தப்பான கேள்வியாக்கா?"

அக்கா மருந்துத் தட்டில் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இல்ல. சரியான கேள்விதான்."

"அப்ப விடை தெரியலயா?"

"தெரியும்," என்றாள் அக்கா. "நான் சரியாத்தான் சொன்னேன்."